இது, அது, அங்க, முன்னாடி பேசின மாதிரி: சுருக்கம் எடுப்பதற்கு முன் இவற்றை எப்படித் தெளிவாக்குவது?

கூட்டக்குறிப்பு:
கூட்ட ஒலிப்பதிவை எழுத்தாக்கி, அதிலிருந்து அரைப் பக்கச் சுருக்கம் எடுக்கும் வேலை. எழுத்தாக்கத்தில் பிழை இல்லை. இருந்தும் சுருக்கத்தில் தப்பு நுழைகிறது. கட்டடப் பராமரிப்புக் கூட்டம் ஒன்றின் துண்டு கீழே. பேசுபவர்கள் க, ச, த என மூவர். இதற்கு வந்த சுருக்கம்: "மேல் தொட்டியை மாற்றி, ஏற்கெனவே பேசியபடி படிக்கட்டுக்கு அடியில் வைக்க முடிவு." படித்த மூவரும் அப்படி எதுவும் முடிவாகவில்லை என்கிறார்கள்.

```
12 00:06:40 ச  புது மோட்டார் வந்தா படிக்கட்டுக்கு அடியில வைக்கலாம்.
13 00:06:47 த  அப்படின்னா 20 அடி குழாய் போதும்.
   ...
41 00:18:02 க  மேல் தொட்டி கசியுது. கீழ் தொட்டி பரவாயில்லை.
42 00:18:09 ச  அதுக்கு ஆள் வந்து பாத்தாச்சா?
43 00:18:12 க  பாத்தாரு. மோட்டாரும் சத்தம் போடுதுன்னாரு.
44 00:18:17 த  அப்ப அதை முதல்ல மாத்திடலாம்.
45 00:18:21 ச  முன்னாடி பேசின மாதிரிதானே?
46 00:18:23 க  ஆமா, ஆனா இது அங்க வேண்டாம்.
               வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடணும்.
47 00:18:30 த  அப்ப அந்தக் குழாய் போதாதே.
48 00:18:33 க  அதை நாங்க வாங்கிக்கிறோம்.
```

சுருக்கத்தில் கை வைப்பதற்கு முன்பே இந்தச் சுட்டுச் சொற்களுக்குப் பொருள் எழுதிவிட வேண்டும் என்று புரிகிறது. எந்த வரிசையில், எதை வைத்து முடிவு செய்வது?

அண்மைவிதி:
இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சுட்டுச் சொல்லுக்கு முன்னால் கடைசியாக வந்த பெயர்ச்சொல்லை எடுங்கள். 44-இல் "அதை". அதற்கு முன் கடைசியாக வந்த பொருள் 43-இல் உள்ள மோட்டார். முடிந்தது. தொட்டி என்று எழுதியவர் மூன்று வரி பின்னால் போய்விட்டார், அதுதான் பிழை.

வரிக்குவரி:
44-க்கு அந்த விதி சரியான விடையைத் தருகிறது. அதையே 42-இல் வைத்துப் பாருங்கள். "அதுக்கு ஆள் வந்து பாத்தாச்சா?" இதற்கு முன் கடைசியாக வந்தது கீழ் தொட்டி. பரவாயில்லை என்று இப்போதுதான் சொன்ன தொட்டிக்கு யாரும் ஆள் வந்தாரா என்று கேட்க மாட்டார்கள். கேள்வி மேல் தொட்டியின் கசிவைப் பற்றியது.

அண்மையில் வந்த பெயரை வேட்பாளராக வைத்துக்கொள்ளலாம். அதை அப்படியே தீர்ப்பாக்கக் கூடாது. ஒவ்வொரு வேட்பாளரையும் சுட்டுச் சொல்லின் இடத்தில் போட்டு வரியைப் படிக்க வேண்டும். பிறகு அதற்கு அடுத்த ஆள் சொன்ன பதிலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த இரண்டாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கேட்டவருக்கு எப்படிப் புரிந்தது என்பது அவர் பதிலில் இருக்கிறது. 43-இல் "மோட்டார்" என்று சொல்லாமல் "மோட்டாரும்" என்கிறார் க. வேறொன்றைப் பார்க்க வந்தவர் மோட்டாரைப் பற்றியும் சொன்னார் என்று அந்த உம் காட்டிக்கொடுக்கிறது. அந்த வேறொன்று கசிவு. ஆக, 42-இன் விடைக்குச் சான்று அதற்கு முந்தைய வரியிலும் இருக்கிறது, பிந்தைய வரியிலும் இருக்கிறது.

44-க்கும் இதே சோதனைதான். வேட்பாளர்கள் மேல் தொட்டியும் மோட்டாரும். அண்மையை மட்டும் வைத்து மோட்டார் என்றால் அது ஊகம். மூன்று வரி தள்ளி 47-இல் "அந்தக் குழாய் போதாதே" என்கிறார் த. குழாய் நீளத்தை இதே த 13-இல் மோட்டாரை ஒட்டித்தான் சொல்லியிருக்கிறார். அந்த வரியைச் சேர்த்துப் படித்த பிறகே மோட்டார் என்பது உறுதி.

கூட்டக்குறிப்பு:
சரி. ஆனால் 46 ஒரே வரியில் "இது", "அங்க" என்று இரண்டு. அதற்கு முன் 45-இல் "முன்னாடி பேசின மாதிரி". எங்கே தொடங்குவது?

வரிக்குவரி:
"முன்னாடி பேசின மாதிரி"யில் தொடங்குங்கள். அது ஒரு பொருளைச் சுட்டவில்லை, ஒரு பேச்சையே சுட்டுகிறது. அந்தப் பேச்சு கிடைக்காதவரை "அங்க" எங்கே என்று தெரியாது. 41 முதல் 48 வரை எத்தனை முறை படித்தாலும் அங்க என்பதற்கு ஓர் இடமும் அகப்படாது. எழுத்தாக்கத்தில் பின்னோக்கிப் போய் மோட்டார், வைப்பது ஆகியவை சேர்ந்து வரும் இடத்தைத் தேடினால் 12 கிடைக்கும். அதோடு "அங்க" என்பது படிக்கட்டுக்கு அடியில் என்று தானாகத் தெளிவாகிவிடும்.

இனி "இது". 44-இல் "அதை" என்றால் சத்தம் போடும் பழைய மோட்டார். 46-இல் "இது" என்றால் வாங்கப்போகும் புது மோட்டார், 12-இல் பேசியது. இரண்டுக்கும் "மோட்டார்" என்று மட்டும் எழுதி வைத்தால் சுருக்கம் எழுதுபவர் இரண்டையும் ஒன்றாக்கி, பழைய மோட்டாரை இடம் மாற்றுவதாக எழுதிவிடலாம். 44-இல் உள்ள "மாத்திடலாம்" அதற்கும் இடம் கொடுக்கிறது. வேறொன்று போடுவதும் மாற்றுவதுதான், வேறிடத்தில் வைப்பதும் மாற்றுவதுதான். 45-இன் கேள்வி 12-ஐச் சுட்டுகிறது, அங்கே "புது மோட்டார் வந்தா" என்று இருக்கிறது, 46-இல் ஆமா வருகிறது. அதனால் இங்கே வேறு மோட்டார் போடுவது. பெயரோடு "பழைய", "புது" என்ற அடையையும் சேர்த்தே எழுதுங்கள்.

இந்தத் துண்டில் பெரிய ஆபத்து "ஆமா, ஆனா". முன்னாடி பேசின மாதிரி என்பதை 12-ஆம் வரியின் முழு உள்ளடக்கத்தால் நிரப்பிவிட்டு, அதற்கு ஆமா என்றும் இருக்கிறது என்று பார்த்தால், படிக்கட்டுக்கு அடியில் வைக்க ஒப்புதல் என்று வந்துவிடும். க சொன்னது நேர் எதிர். புது மோட்டாருக்கு ஆமா, அந்த இடத்துக்கு வேண்டாம். பழைய பேச்சைச் சுட்டும் தொடரை நிரப்பும்போது, அதில் எந்தப் பகுதி இப்போது ஏற்கப்பட்டது, எது விலக்கப்பட்டது என்று பிரித்து எழுத வேண்டும். உங்கள் சுருக்கத்தில் தொட்டி என்பது ஒரு பிழை என்றால், படிக்கட்டு அதைவிடப் பெரிய பிழை.

ஒலித்தெளிவு:
எனக்கென்னவோ இது ஒலிப்பதிவின் கோளாறாகத்தான் தெரிகிறது. வேகமாகப் பேசும்போது அதை, இதை, எதை எல்லாம் ஒரே மாதிரி கேட்கும். ஆளுக்கொரு மைக் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

வரிக்குவரி:
கேட்டது அது அல்ல. இங்கே சொற்கள் சரியாகவே பதிவாகியிருக்கின்றன, அவை எதைக் குறிக்கின்றன என்பதுதான் கேள்வி. ஆனால் நீங்கள் சொன்னதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. முடிவு, பொறுப்பு, நாள் ஆகியவை வரும் வரிகளில் மட்டும், பொருள் எழுதுவதற்கு முன் ஒலியை ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. எதை என்பது அதை என்று பதிவாகியிருந்தால் ஒரு கேள்வி முடிவாக மாறிவிடும். பேசியவர் அடையாளத்தையும் அப்போதே சரிபார்க்கலாம். 48-ஐ க பேசினார் என்பது த என்று மாறியிருந்தால், குழாய் வாங்கும் பொறுப்பே இடம் மாறும். நான், நாங்க, என்கிட்ட என்று வரும் இடங்களில் எல்லாம் பேசியவர் அடையாளம் தவறினால் அதைத் தொடர்ந்து செய்யும் வேலை எல்லாம் வீண்.

நிரல்வழி:
நீளமான எழுத்தாக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சுருக்கும் நிரல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 12-க்கும் 46-க்கும் இடையே கிட்டத்தட்ட 12 நிமிடம். வெட்டும் இடத்தில் பத்து வரி மேற்படிய விட்டாலும் இந்த இரண்டு வரிகளும் ஒரே துண்டில் வராமல் போகலாம். அதனால் சுட்டுத் தெளிவாக்கம் முழு எழுத்தாக்கத்தின் மீது, வெட்டுவதற்கு முன் நடக்க வேண்டும். அது முடியாத அளவுக்கு நீளம் என்றால், ஒவ்வொரு துண்டோடும் ஒரு சிறு பட்டியலைக் கையளிக்க வேண்டும்: இதுவரை பேச்சில் வந்த பொருள்கள், இடங்கள், ஆட்கள், நிலுவையில் உள்ள முன்மொழிவுகள், அவை வந்த வரி எண். "புது மோட்டார், படிக்கட்டுக்கு அடியில், முன்மொழிந்தவர் ச, வரி 12" என்று ஒரு வரி அந்தப் பட்டியலில் இருந்தால் 46 தெளிவாகிவிடும்.

சுட்டுச் சொற்களை முதலில் வடித்தெடுக்க இது போதும்:

```
grep -nE 'அத|இத|அந்த|இந்த|அங்க|இங்க|அவ|இவ|அப்ப|இப்ப|முன்ன|நாங்க|நாம' koottam.txt
```

"அத" என்ற முன்னொட்டே அது, அதை, அதுக்கு எல்லாவற்றையும் பிடிக்கும். சொல் எல்லைக்கு `\b` போட வேண்டாம். பைத்தானின் `re`-யில் அது தமிழ் உயிர்மெய்க் குறியை எழுத்தாக எண்ணாது, சொல்லின் நடுவிலேயே எல்லை இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டில் அது எந்தத் தமிழ் எழுத்தையும் சொல்லின் எழுத்தாக எண்ணாது, சொல்லின் தொடக்கத்தில்கூட எல்லை கிடைக்காது. அ, இ என்ற தனி உயிரெழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு நடுவில் பெரும்பாலும் வராததால் அந்தச் சொற்களுக்கு எல்லைக் குறி தேவையும் இல்லை. அப்பா, அவசியம், இதழ், முன்னேற்றம் எல்லாம் சேர்ந்து வரும். அவற்றைக் கையால் தள்ளிவிடுங்கள்.

வரிக்குவரி:
இந்த வடிகட்டியில் 43-இன் "பாத்தாரு" சிக்காது. எழுவாயே இல்லாத வினை. பார்த்தவர் 42-இல் வந்த ஆள் என்று இங்கே எளிதாகத் தெரிகிறது. இரண்டு மூன்று ஆண்கள் பேச்சில் வந்துபோன கூட்டத்தில் "சொல்லிட்டாரு", "அனுப்பிட்டாரு" மட்டும் தனியே நின்றால் சிக்கல். வினைமுற்றின் ஈறு பால், எண், மரியாதை காட்டும், ஆளைக் காட்டாது. "சொல்லிட்டாங்க" இன்னும் மோசம், அது ஒருவராகவும் இருக்கலாம், பலராகவும் இருக்கலாம். முடிவுகள் வரும் வரிகளில் எழுவாய் இல்லாத வினைகளைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு, வடிகட்டியில் சிக்கும் எல்லாவற்றுக்கும் பொருள் எழுதக் கூடாது. "அது வந்து", "அப்பறம் இந்த..." என்று பேச்சுக்கு மூச்சு வாங்கும் சொற்கள் எதையும் சுட்டவில்லை. "அந்த இதைக் கொஞ்சம்... வால்வைத் திறந்து பாருங்க" என்பதில் "இது", சொல் வாயில் வராததால் போட்ட இடநிரப்பி. அதன் விடை அதே மூச்சில் பின்னால் வருகிறது. முன்னால் போய்த் தேடினால் தவறான பொருள்தான் கிடைக்கும்.

சாட்சிச்சொல்:
நான் கையாளுவது வாக்குமூலப் பதிவுகள். சொன்னவர் சொன்ன சொல்லை ஓர் எழுத்துகூட மாற்ற அனுமதி கிடையாது. "அவன் அங்க நின்னான்" என்றால் அப்படியே நிற்க வேண்டும். யார், எங்கே என்று நாமே எழுதினால் அது நம் சாட்சியம் ஆகிவிடும். இந்த இழையில் சொல்லப்படுவது எனக்கு ஆபத்தாகத் தெரிகிறது.

வரிக்குவரி:
மூலத்தைத் தொடவே கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, கூட்டப் பதிவுக்கும் அதுதான். மூலம் ஒரு கோப்பு. தெளிவாக்கம் வரி எண்ணோடு தனி அட்டவணை. சுருக்கம் எழுதுபவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வார்.

நிரல்வழி:
நான் இதில் மாறுபடுகிறேன். தனி அட்டவணையை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை, நிரலுக்கும் இரண்டு கோப்புகளை இணைப்பது கூடுதல் வேலை. படி எடுத்த கோப்பில் சதுர அடைப்புக்குறி போதும்: "ஆனா இது [புது மோட்டார், 12] அங்க [படிக்கட்டுக்கு அடியில், 12] வேண்டாம்." சுட்டுச் சொல்லும் அழியவில்லை, சேர்த்தது எது என்றும் தெரிகிறது.

சாட்சிச்சொல்:
கூட்டத்துக்கு அடைப்புக்குறி சரிப்படலாம். என் வேலையில் அந்தப் படியே அசல் என்று கைமாறிப் போய்விடும். நான் தனி அட்டவணையில்தான் நிற்பேன்.

கூட்டக்குறிப்பு:
அட்டவணையாகவே போட்டுப் பார்த்தேன். நிலை என்ற பத்தியில் உறுதி, ஊகம், தெரியவில்லை என்று மூன்று. கூட்டம் நடந்தது 2025 மார்ச் 6, வியாழன்.

```
வரி | சொல்           | பொருள்                | சான்று | நிலை
42  | அதுக்கு         | மேல் தொட்டிக் கசிவு     | 41,43 | உறுதி
44  | அதை            | பழைய மோட்டார்         | 43,47 | உறுதி
45  | முன்னாடி பேசினது | புது மோட்டார் யோசனை   | 12    | உறுதி
46  | இது            | புது மோட்டார்          | 12    | உறுதி
46  | அங்க           | படிக்கட்டுக்கு அடியில்   | 12    | உறுதி
46  | வெள்ளிக்கிழமை   | மார்ச் 7              | தேதி  | உறுதி
47  | அந்தக் குழாய்    | 20 அடி குழாய்         | 13    | உறுதி
48  | அதை            | 20 அடி குழாய்         | 47    | உறுதி
48  | நாங்க           | க, ச, த               | -     | ஊகம்
```

வரிக்குவரி:
கடைசி நான்கில் மூன்றைப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை: வியாழக்கிழமை பேசுபவர் மறுநாளைச் சொல்ல நினைத்தால் "நாளைக்குள்ள" என்றுதான் பெரும்பாலும் சொல்வார். "வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றதால் மார்ச் 14 ஆக இருக்கவும் நல்ல வாய்ப்பு. ஆனால் அதுவும் ஊகம்தான். நாள் என்பது கேட்டுத் தெளிய வேண்டிய விஷயம். இரண்டு தேதியையும் எழுதி "ஊகம்" போடுங்கள்.

48-இன் "அதை": போதாது என்று சொன்ன அதே 20 அடி குழாயை வாங்கிக்கொள்வதாக யாரும் சொல்ல மாட்டார்கள். க சொல்வது இன்னும் நீளமான குழாய், அல்லது குறைகிற நீளம். இவை இரண்டும் பேச்சில் எங்கும் பெயராக வரவில்லை. சுட்டப்படும் பொருள் எழுத்தாக்கத்திலேயே இல்லாத இடம் இது. இங்கே முன்வரியில் இருக்கும் பெயரை எடுத்து ஒட்டுவதுதான் வழக்கமான தவறு. "தேவைப்படும் கூடுதல் குழாய், நீளம் சொல்லப்படவில்லை" என்று எழுதுங்கள்.

நாங்க: மூவரையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால் க "நாம" என்றிருப்பார். "நாங்க" என்பது கேட்பவரை வெளியே நிறுத்துகிறது. 47-இல் பேசியது த, பதில் அவருக்கு. ஆகவே த கட்டாயம் இல்லை. கவோடு ச உண்டா, கூட்டத்துக்கு வராத க-வின் ஆட்களா என்பது தெரியவில்லை. "க தரப்பு" என்று எழுதினால் சரியாக இருக்கும், அதற்கு மேல் போக வேண்டாம்.

யாழ்வழக்கு:
இலங்கைத் தமிழர் பேச்சை எழுத்தாக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க. யாழ்ப்பாணப் பேச்சில் உது, உவர், உங்க என்று மூன்றாவது சுட்டும் புழக்கத்தில் இருக்கு. கேட்கிற ஆளுக்குக் கிட்ட இருக்கிறதுக்கும் அது வரும். பிழை என்று நினைத்து அதை "இது" ஆக்கிவிடுவினம். அப்பிடி ஆக்கினால், பொருள் பேசுகிறவரிட்ட இருக்கோ கேட்கிறவரிட்ட இருக்கோ என்ற தகவலே போய்விடும். நிரல்வழி தந்த வடிகட்டியில் `உத|உவ|உந்த|உங்க` சேர்க்க வேணும். "உங்கள்", "உங்களுக்கு" எல்லாம் சேர்ந்து வரும், பார்த்துக் கழிக்க வேண்டியதுதான்.

அண்மைவிதி:
அண்மை விதி மட்டும் போதாது என்பது 48-இல் தெளிவாகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மணி நேரப் பதிவில் இருநூறு சுட்டு வரும். ஒவ்வொன்றுக்கும் இப்படி முன்னும் பின்னும் படித்தால் சுருக்கம் எப்போது வரும்?

வரிக்குவரி:
எல்லாவற்றுக்கும் வேண்டாம். முதலில் எழுத்தாக்கத்தை ஓட்டிப் பார்த்து, சுருக்கத்தில் இடம்பெறக்கூடிய வரிகளைக் குறியுங்கள்: முடிவு, மறுப்பு, பொறுப்பு, நாள், தொகை. அந்த வரிகளில் உள்ள சுட்டுகளுக்கும், அவை கைகாட்டும் வரிகளில் உள்ள சுட்டுகளுக்கும் மட்டும் முழுச் சோதனை. மற்றவற்றுக்கு உங்கள் அண்மை விதியே போதும். இந்தத் துண்டில் 44 முதல் 48 வரை கட்டாயம், 42 கட்டாயமில்லை.

கூட்டக்குறிப்பு:
திருத்தியபின் வந்த சுருக்கம்:

"சத்தம் போடும் பழைய மோட்டாரை முதலில் மாற்ற முடிவு. புது மோட்டாரைப் படிக்கட்டுக்கு அடியில் வைக்கும் முந்தைய யோசனையைக் க விலக்கினார். மாற்று இடம் சொல்லப்படவில்லை. முன்பு கணக்கிட்ட 20 அடி குழாய் போதாது என்று த சுட்டிக்காட்டினார். தேவையான குழாயைக் க தரப்பு வாங்கும். கெடு: வெள்ளிக்கிழமை (மார்ச் 7 அல்லது 14, உறுதி செய்ய வேண்டும்). மேல் தொட்டிக் கசிவு பற்றி முடிவு எதுவும் இல்லை."

நிரல்வழி:
"மார்ச் 7 அல்லது 14" என்று சுருக்கத்தில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. படிப்பவர் தனக்கு வசதியான தேதியை எடுத்துக்கொள்வார். தெரியாததைச் சுருக்கத்துக்குக் கீழே "கேட்க வேண்டியவை" என்று தனியாகப் போட்டு, மேலே "வெள்ளிக்கிழமைக்குள்" என்று பேசியவர் சொல்லையே விடலாம்.

வரிக்குவரி:
சொன்ன சொல்லையே விட்டால் சுருக்கத்தைத் திங்கட்கிழமை படிப்பவருக்கு அது வேறு வெள்ளிக்கிழமை. நான் இரண்டு தேதியையும் வைப்பேன். கேள்விப் பட்டியலும் சேர்த்து இருப்பது நல்லதுதான்.

கூட்டக்குறிப்பு:
இன்னொரு ஐயம். 45-இல் "முன்னாடி" இதே கூட்டத்தில் கிடைத்துவிட்டது. "போன தடவை பேசினோமே, அதையே செஞ்சிடலாம்" என்று வந்து, இந்த எழுத்தாக்கத்தில் ஒன்றும் இல்லாவிட்டால்?

வரிக்குவரி:
முந்தைய கூட்டத்தின் எழுத்தாக்கத்தைத் தேடுங்கள், அதன் சுருக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். சுருக்கத்தில் முடிவு மட்டும் இருக்கும், பேசிக் கைவிட்ட யோசனை இருக்காது. "அதையே" என்பது கைவிட்டதைக்கூடச் சுட்டலாம். கிடைத்தால் சான்று பத்தியில் வரி எண்ணுக்கு முன் அந்தக் கூட்டத்தின் தேதியையும் எழுதுங்கள். ஒத்த பேச்சு இரண்டு கூட்டங்களில் இருந்தால் பிந்தியதை வேட்பாளராக வைத்து, ஊகம் என்று குறித்து, பேசியவரிடம் ஒரே கேள்வி அனுப்புங்கள். "எதைச் சொன்னீர்கள்?" என்று கேட்டால் புதிதாக ஒரு விளக்கம் எழுதி அனுப்புவார். "இதுவா, அதுவா?" என்று இரண்டு மேற்கோளையும் வைத்துக் கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும்.

ஒலித்தெளிவு:
திரையைக் காட்டி "இந்த நம்பரைப் பாருங்க, இது குறையணும்" என்று பேசினால்? எழுத்தில் எங்குமே விடை இருக்காதே.

வரிக்குவரி:
இருக்காது. நேரக்குறியை வைத்துத் திரைப்பதிவில் அந்த நொடியைப் பாருங்கள். திரைப்பதிவு இல்லை, கோப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால், அது கூட்டத்தன்று காட்டிய பதிப்புதானா என்று முதலில் பாருங்கள். பிறகு திருத்திய கோப்பில் அந்த எண்ணே மாறியிருக்கும். இரண்டும் கிடைக்காவிட்டால் "திரையில் காட்டிய ஓர் எண், எது என்று தெரியவில்லை" என்று அட்டவணையிலும் சுருக்கத்திலும் அப்படியே எழுத வேண்டியதுதான்.